டாலருக்கு எட்டுப் பைசா: தொகை பெரிதானால் விலை ஏன் மாறுகிறது? ஒரு கோத்தகிரித் தேயிலைக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஆர்த்தடாக்ஸ் தேயிலை செய்யும் ஒரு தொழிற்சாலை, வளைகுடா நாட்டு வாங்குபவர் ஒருவருக்கு இருபது அடி கன்டெய்னர் ஒன்றைக் கொச்சி வழியாக அனுப்புகிறது. சரக்கு 10,000 கிலோ, விலை கிலோவுக்கு 4 டாலர், ஆக மொத்தம் 40,000 டாலர். இதில் முப்பது சதவீதம், அதாவது 12,000 டாலர், முன்பணமாக வந்துவிடும். மீதி 28,000 டாலர் ஆவணங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வரும். வருடத்துக்கு இப்படி ஆறு கன்டெய்னர். பணம் வரும்போதெல்லாம் ஊரில் உள்ள வங்கிக் கிளை அதை ரூபாயாக மாற்றி நடப்புக் கணக்கில் வரவு வைத்துவிடும். என்ன விலைக்கு மாற்றினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

இது மலையில் பல தொழிற்சாலைகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து அமைத்த மாதிரிக் கணக்கு. கூட்டிக் கழிக்க எளிதாக இருக்கட்டும் என்று டாலர் விலையை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். இன்றைய விலை வேறாக இருக்கும், கணக்கின் போக்கு மாறாது.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். முன்பணம் வந்த அன்று வங்கிகள் தங்களுக்குள் டாலர் வாங்கும் விலை 85.00 ரூபாய். இது ஸ்பாட் விலை. அதாவது இன்று பேசி, இரண்டு வேலை நாள் கழித்துக் கைமாறும் டாலருக்கான விலை. தொழிற்சாலைக்கு ரூபாய் இன்றே வேண்டும். ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை, இன்றே கைமாறும் டாலருக்கு விலை சற்றுக் குறைவாகவே இருக்கும். இந்த வித்தியாசத்தை, வங்கிக்காக நாணயம் வாங்கி விற்கும் டீலர்கள் கேஷ்-ஸ்பாட் என்பார்கள். வட்டி வித்தியாசம் வருடத்துக்கு இரண்டு சதவீதம் என்றால் ஒரு நாளுக்கு அரைப் பைசா, இரண்டு நாளுக்கு ஒரு பைசா. நடுவில் சனி, ஞாயிறு வந்தால் நான்கு நாள் கணக்காகி இரண்டு பைசா. ஆகவே அன்று வங்கிக்கே கிடைக்கக்கூடிய நேர்மையான விலை 84.99. கிளை போட்ட விலையோ 84.39. இடையில் உள்ள அறுபது பைசாதான் வங்கியின் மார்ஜின்.

40,000 டாலருக்கு அறுபது பைசா என்றால் 24,000 ரூபாய். ஆறு கன்டெய்னருக்கு 1,44,000 ரூபாய். வங்கி இதைக் கட்டணம் என்று எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை. கமிஷன் ஐநூறு, ஆயிரம் என்று தனி வரியில் வந்தால் மேலாளரிடம் போய்ச் சண்டை போடும் முதலாளிகள், விலைக்குள் ஒளிந்திருக்கும் இந்தத் தொகையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அறுபது பைசா ஏன்?

84.39 என்பது கார்டு ரேட். காலையில் சந்தை திறந்ததும் வங்கியின் கருவூலப் பிரிவு ஒவ்வொரு நாணயத்துக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை என்று ஓர் அட்டவணை போட்டு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பும். உள்ளே வரும் பணத்துக்கு அதில் டி.டி. பையிங் என்ற வரி பொருந்தும். இந்த விலையைப் பெரும்பாலும் நாள் முழுக்க வைத்திருப்பார்கள், சந்தை பெரிதாக நகர்ந்தால் மட்டும் திருத்துவார்கள். மத்தியானத்துக்குள் டாலர் முப்பது பைசா இறங்கிவிட்டாலும் வங்கிக்கு நட்டம் வரக் கூடாது. அதனால் காலையிலேயே அந்த அபாயத்துக்கும் சேர்த்து விலையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் சில்லறை. வங்கிகள் தங்களுக்குள் டாலர் வாங்கி விற்பது பத்து லட்சம் டாலர் போன்ற பெரிய லாட்டுகளில். ஒரு கிளையிலிருந்து 3,000 டாலர் வந்தால் அதை உடனே சந்தையில் விற்க முடியாது. ஊர் ஊராக வரும் சிறு தொகைகள் சேரும்வரை வங்கி காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் விலை நகர்ந்தால் அந்த ஏற்ற இறக்கம் வங்கியின் தலையில். அந்த அபாயத்துக்கான விலையையும் சிறு வாடிக்கையாளரே கொடுக்கிறார்.

மூன்றாவதுதான் தொகைக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது. 3,000 டாலர் வந்தாலும் 3,00,000 டாலர் வந்தாலும் வேலை ஒன்றுதான். அனுப்பியவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், நோக்கக் குறியீடு போட வேண்டும், இன்வாய்ஸையும் ஷிப்பிங் பில்லையும் பொருத்திப் பார்க்க வேண்டும், ரிசர்வ் வங்கிக்கான பதிவை முடிக்க வேண்டும். ஒரு பரிமாற்றத்துக்கு வங்கிக்கு 2,000 ரூபாய் செலவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2,000 டாலரில் அது டாலருக்கு ஒரு ரூபாய். 40,000 டாலரில் ஐந்து பைசா. 4,00,000 டாலரில் அரைப் பைசா. பெரிய தொகைக்கு வங்கி தள்ளுபடி தருவதாகச் சொல்வார்கள். உண்மையில் அதே செலவு அதிக டாலர்மேல் பரவுகிறது.

இந்த மூன்றில் முதல் இரண்டும் டீலரிடம் நேரடியாக விலை கேட்டவுடன் பெருமளவு விலகிவிடும். டீலர் அந்த நிமிடத்துச் சந்தை விலையைப் பார்த்துச் சொல்கிறார், அது சில விநாடிக்குத்தான் செல்லும். நாள் முழுக்கக் காக்க வேண்டிய அபாயம் அதில் இல்லை. ஆகவே தொகை பெரிதானால் விலை நல்லதாவது படிப்படியாக நடப்பதில்லை. கார்டு ரேட்டிலிருந்து டீலர் விலைக்குத் தாண்டும் ஒரே படியில்தான் பெரும் பகுதி கிடைக்கிறது. அதற்கு மேல் தொகை கூடக் கூட வருவது சில பைசாக்கள் மட்டும். டீலரிடம் போக எவ்வளவு டாலர் இருக்க வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். சில இடங்களில் ஐயாயிரத்திலேயே கேட்கலாம், சில இடங்களில் இருபத்தைந்தாயிரம் வேண்டும் என்பார்கள். உங்கள் வங்கியின் எல்லையைக் கிளையில் கேட்டு, கருவூலப் பிரிவிலும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கிளையில் சொல்லும் எண் சில சமயம் பழைய சுற்றறிக்கையில் உள்ளதாக இருக்கும்.

இரண்டு பேர், இரண்டு பேச்சு

வங்கியில் பேரம் பேசுவது என்றால் டீலரைத் தொலைபேசியில் பிடித்து “இன்னும் பத்துப் பைசா போடுங்க சார்” என்று கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் அதிகம் கிடைக்காது. சென்னையிலோ மும்பையிலோ திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் டீலருக்குச் சந்தை விலை தெரியும். உங்கள் கணக்குக்கு எத்தனை பைசா மார்ஜின் என்பது அவர் முன்னே ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் கிளை மேலாளர், உங்கள் கணக்கைக் கவனிக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர், கருவூலத்தின் விற்பனைப் பிரிவு ஆகியோரிடம் இருக்கிறது. மார்ஜினில் கிளைக்கும் பங்கு உண்டு என்பதால் கிளை அதைத் தானாகக் குறைக்காது.

ஆகவே மார்ஜினைப் பணம் வருவதற்கு முன்பே, நிதானமான ஒரு நாளில், நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். டீலரிடம் பேசுவது அந்த நிமிடத்துச் சந்தை விலையைச் சரியாக வாங்கிக்கொள்வதற்கு மட்டும். முதல் பேச்சு முடியாமல் இரண்டாவதற்குப் போனால் டீலர் தன் திரையில் உள்ள மார்ஜினைப் போடுவார், அதோடு முடிந்தது.

நம் தொழிற்சாலை வங்கிக் கிளை மேலாளரிடம் எடுத்துப் போக வேண்டியது ஒரே ஒரு தாள். அதில் முதல் வரி வருடாந்தர அளவு: ஆறு கன்டெய்னர், 2,40,000 டாலர். ஒரு கன்டெய்னரை மட்டும் காட்டினால் நாற்பதாயிரம்காரர், வருடத்தைக் காட்டினால் இரண்டரை லட்சம்காரர். இரண்டாவது வரி கடந்த ஆறு மாதத்தில் வங்கி போட்ட விலையும், அதே நாளில் எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் வெளியிட்ட குறிப்பு விலையும். இந்தக் குறிப்பு விலை, காலை 11.30க்கும் 12.30க்கும் இடையில் தற்செயலாகத் தேர்ந்த பதினைந்து நிமிடத்தில் நடந்த வங்கிப் பரிமாற்றங்களிலிருந்து கணக்கிட்டு, மதியம் வெளியிடப்படுவது. உங்கள் பணம் மாறிய நிமிடத்து விலையாக அது இருக்காது. ஆனால் ஆறு மாதச் சராசரியில் ஐம்பது, அறுபது பைசா இடைவெளி தெரிந்தால் சந்தை நகர்ந்ததுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாவது வரி, வங்கிக்கு உங்களால் வரும் மற்ற வருமானம்: கேஷ் கிரெடிட் வட்டி, பில் கலெக்‌ஷன் கட்டணம், தொழிலாளர்களின் சம்பளக் கணக்குகள். மேலாளர் மேலிடத்துக்கு மார்ஜின் குறைக்கக் குறிப்பு எழுதும்போது அவருக்குத் தேவைப்படுவது இந்த வரிதான்.

கேட்பதையும் விலையாகக் கேட்கக் கூடாது, பைசாவாகக் கேட்க வேண்டும். “நல்ல விலை போட்டுத் தாங்க” என்றால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. “வங்கிகளுக்கு இடையேயான விலையில் இருபத்தைந்தாயிரம் டாலருக்கு மேல் எட்டுப் பைசா, அதற்குக் கீழே பன்னிரண்டு பைசா, ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து பைசா, இதை மின்னஞ்சலில் உறுதி செய்து கொடுங்கள்” என்றால் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. முதல் பதில் இருபது பைசா என்று வரலாம். அதுவே அறுபதிலிருந்து நாற்பது குறைந்த நிலை என்பதை நினைவில் வையுங்கள். பேச்சை முறித்துக்கொண்டு எழ வேண்டிய இடம் அது இல்லை.

போட்டியும் உதவும். அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்கு அனுப்பும் முன் வாங்கும் ஏற்றுமதிக் கடனான பாக்கிங் கிரெடிட்டை வாங்கிய வங்கியில்தான் அந்த ஏற்றுமதியின் பணம் வந்து கடனை அடைக்க வேண்டும். அப்படியிருக்க, “வேறு வங்கிக்குப் போய்விடுவேன்” என்பது வெற்று மிரட்டல் என்று மேலாளருக்கும் தெரியும். கடனில்லாத கணக்காக இருந்தால் இன்னொரு வங்கியின் எழுத்துபூர்வமான மார்ஜினைக் காட்டலாம். கடன் இருந்தால் கிளியரிங் கார்ப்பரேஷன் 2019 ஆகஸ்டில் தொடங்கிய எஃப்.எக்ஸ்.-ரீடெய்ல் தளத்தைப் பற்றிக் கேளுங்கள். வாடிக்கையாளர் தன் வங்கி வழியாகவே அதில் பதிவு செய்து, திரையில் தெரியும் வாங்கும், விற்கும் விலையில் நேரடியாகப் பரிமாற்றம் செய்யலாம். வங்கி தன் கட்டணத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தனியாக எடுத்துக்கொள்ளும், விலைக்குள் ஒளிக்க முடியாது. சிறிய கிளைகளில் இதைப் பற்றித் தெரிந்தவர் இல்லாமல் போகலாம், பதிவு முடிய வாரக்கணக்கில் ஆகலாம். ஆனாலும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். மார்ஜின் பேச்சு அதற்குப் பிறகு வேகம் பிடிக்கும்.

விலை வாங்கும் நாள்

மேலாளருடன் எட்டுப் பைசாவுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது, 28,000 டாலர் வரப்போகிறது. டீலரைக் கூப்பிடும் முன் மூன்று விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும்.

பணம் வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில், அதாவது நோஸ்ட்ரோவில், வந்து சேர்ந்ததா என்று கிளையில் கேட்க வேண்டும். வாங்குபவர் அனுப்பிய ஸ்விஃப்ட் நகலைப் பார்த்ததும் பணம் வந்துவிட்டதாக எண்ணி விலை பேசிவிடுவது வழக்கமான தவறு. நடுவில் உள்ள வங்கி இருபத்தைந்து டாலரோ என்னவோ பிடித்துக்கொண்டு 27,975 டாலர்தான் வந்திருக்கும். 28,000க்கு டீல் போட்டிருந்தால் மீதி 25 டாலரை ரத்து செய்ய வேண்டும், அதற்கு ஒரு கட்டணம் வரும். பணமே அன்று வராமல் போனால் முழு டீலையும் ரத்து செய்ய வேண்டும். இடையில் விலை உங்களுக்கு எதிராக நகர்ந்திருந்தால் அந்த வித்தியாசமும் உங்கள் கணக்கில்தான் விழும். வந்து சேர்ந்த தொகைக்கு, சென்ட் வரை சரியாக, டீல் போடுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். முன்பணமாக இருந்தால் நோக்கக் குறியீடு `P0103`. மீதித் தொகைக்கு எந்த பில்லுக்கு எதிராக வந்தது என்ற விவரம் கிளையிடம் இருக்க வேண்டும். இவை சரியாக இல்லாவிட்டால் டீலர் விலை கொடுத்த பிறகும் கிளையால் அதைப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது எளியது, ஆனால் அதிகப் பணத்தை விழுங்குவது. “வரும் பணத்தை உடனே ரூபாயாக்கவும்” என்ற நிரந்தர உத்தரவு கணக்கில் இருந்தால், நீங்கள் டீலரைக் கூப்பிடும் முன்பே கணினி கார்டு ரேட்டில் மாற்றி முடித்துவிடும். அதை எழுத்தில் ரத்து செய்து, “எங்கள் உத்தரவு வரும்வரை மாற்ற வேண்டாம்” என்ற கடிதத்தைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தை காலை 9 மணிக்குத் திறந்து 3.30க்கு மூடுகிறது. திறந்த முதல் கால் மணி நேரத்தில் விலை தள்ளாடும். ரிசர்வ் வங்கியின் வட்டி முடிவு வரும் நாளில் பத்து மணியை ஒட்டியும் அப்படித்தான். மூன்று மணிக்கு மேல் டீலர்கள் தங்கள் கணக்கை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள், சந்தை மூடிய பிறகு கேட்டால் மறுநாள் அபாயத்தையும் சேர்த்து விலை சொல்வார்கள். பத்தரையிலிருந்து ஒரு மணி வரை நல்ல நேரம். கிளையின் வேலை முடியவும் அவகாசம் இருக்கும்.

கூப்பிடும்போது கண் முன்னே ஒரு நேரடி விலை இருக்க வேண்டும். கைப்பேசித் தேடலில் வருவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலை, சில நிமிடம் பழையதாகவும் இருக்கலாம். பங்குச் சந்தையின் டாலர் ஃபியூச்சர்ஸ் விலையைப் பார்ப்பவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். அது மாதக் கடைசி விலை, அதுவரையிலான வட்டி வித்தியாசம், அதாவது பிரீமியம், அதில் சேர்ந்திருக்கும். மாதத் தொடக்கத்தில் அதைக் காட்டி டீலரிடம் கேட்டால் பத்துப் பைசாவுக்கு மேல் தப்பான இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவீர்கள். ஸ்பாட் விலையையே பாருங்கள்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். இப்படிப் போனால் போதும்:

“வணக்கம் மேடம், கோத்தகிரி கிளை, இன்ன கம்பெனி பேசறோம். இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து டாலர், எக்ஸ்போர்ட் இன்வர்ட், கேஷ் வேல்யூ. ஸ்பாட் பிட் எவ்வளவு?”

“எண்பத்தைந்து ஃபிளாட்.”

“கேஷ்-ஸ்பாட்?”

“ஒரு பைசா.”

“எங்க மார்ஜின் எட்டு. அப்போ எண்பத்து நாலு தொண்ணூற்று ஒண்ணு, சரிதானே மேடம்?”

“சரி. டன்?”

“டன். எண்பத்து நாலு தொண்ணூற்று ஒண்ணுக்கு வித்துட்டோம். டீல் நம்பர் சொல்லுங்க.”

விலையை மூன்று துண்டாகக் கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே எண்ணாக 84.91 என்று சொன்னால், சந்தை 85.05ல் இருந்தபோது சொன்னதா 85.00ல் இருந்தபோது சொன்னதா என்று உங்களுக்குத் தெரியாது. துண்டாகக் கேட்டால் ஸ்பாட்டை உங்கள் திரையோடு ஒப்பிடலாம், கேஷ்-ஸ்பாட்டை நாள் கணக்கில் சரிபார்க்கலாம், மார்ஜினை மின்னஞ்சலோடு பொருத்தலாம். மார்ஜினில் கறாராக இருக்கும் வாடிக்கையாளரிடம் கேஷ்-ஸ்பாட்டை இரண்டு, மூன்று பைசாவாகச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. வெள்ளிக்கிழமை இரண்டு என்றால் சரி, திங்கட்கிழமை மூன்று என்றால் காரணம் கேளுங்கள். பிந்தைய தேதிக்கு ஃபார்வர்ட் போடும்போதும் ஸ்பாட்டையும் பிரீமியத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏற்றுமதியாளருக்குச் சேர வேண்டிய பிரீமியத்தில்தான் மார்ஜின் சுலபமாக மறையும்.

டீலர் சொன்ன விலைக்குப் பதில் இரண்டு, மூன்று விநாடிக்குள் வர வேண்டும். “ஒரு நிமிஷம், முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்” என்றால் அந்த விலை போய்விடும், திரும்பப் புதிய விலைதான். எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை என்பதை முன்பே முடிவு செய்து, பேசுபவரிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பள்ளத்தில் இருக்கும் தொழிற்சாலைகளில், மழைக் காலத்தில் அதுவும், “டன்” சொல்லும் நேரத்தில் கைப்பேசி இணைப்பு அறுந்துவிடும். டீல் ஆனதா இல்லையா என்று இரு தரப்புக்கும் தெரியாது. டீலர் ஆனதாக எழுதியிருப்பார், நீங்கள் ஆகவில்லை என்று நினைத்து இன்னொரு வங்கியில் போட்டுவிட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு டீல். டீலர் அறையின் பேச்சுகள் பதிவாகின்றன, தகராறு வந்தால் அந்தப் பதிவே சாட்சி. ஆகவே இணைப்பு அறுந்தால் வேறு எதையும் செய்யும் முன் திரும்பக் கூப்பிட்டு “ஆச்சா, இல்லையா” என்பதை முதலில் கேளுங்கள். தரைவழித் தொலைபேசி இருந்தால் இந்த ஒரு வேலைக்காவது அதைப் பயன்படுத்துங்கள்.

சேர்த்து வைத்தால் இன்னும் லாபமா?

தொகை பெரிதானால் விலை நல்லது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் அடுத்து வரும் யோசனை, சிறு தொகைகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக மாற்றலாமே என்பது. அதற்கு வழியும் இருக்கிறது. ஏற்றுமதியாளர் தன் டாலரை இ.இ.எஃப்.சி. கணக்கில் டாலராகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் வந்ததை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள், அனுமதிக்கப்பட்ட செலவு போக, ரூபாயாக மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கில் வட்டி கிடையாது. இந்த இடத்தில்தான் கணக்குப் போடாமல் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முன்பணம் 12,000 டாலரை மீதித் தொகை வரும்வரை 45 நாள் வைத்திருந்து, 40,000 ஆகச் சேர்த்து மாற்றினால் என்ன கிடைக்கும்? பன்னிரண்டு பைசா மார்ஜின் எட்டாகும். நான்கு பைசா வீதம் 12,000 டாலருக்கு 480 ரூபாய். ஜி.எஸ்.டி.யிலும் கொஞ்சம் மிச்சமாகும். நாணய மாற்றில் வரி போடும் மதிப்பு முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரு சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை அரைச் சதவீதம், பத்து லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 0.1 சதவீதம் என்று இறங்குகிறது. அந்த மதிப்பின்மேல் 18 சதவீதம் வரி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இரண்டு டீலை ஒன்றாக்கினால் 810 ரூபாய் வரி குறையும். உள்ளீட்டு வரி வரவு எடுப்பவர்களுக்கு அந்த 810கூட முழு லாபம் இல்லை. எப்படிக் கூட்டினாலும் 1,290 ரூபாய்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 12,000 டாலர் என்பது 10,20,000 ரூபாய். அது சும்மா கிடக்கும் 45 நாளும் கேஷ் கிரெடிட்டில் ஒன்பது சதவீத வட்டி ஓடினால் 11,318 ரூபாய். மாதாமாதம் பச்சை இலைக்குச் சிறு விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தொழிற்சாலைக்கு அந்தப் பணம் கேஷ் கிரெடிட்டிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். 1,290ஐப் பிடிக்க 11,318ஐ விடுவதில் பொருளில்லை. முன்பணத்தை வந்த நாளிலேயே பன்னிரண்டு பைசா மார்ஜினில் மாற்றுவதுதான் சரி.

சேர்ப்பது பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. இரண்டு கன்டெய்னரின் மீதித் தொகைகள் அடுத்தடுத்த நாளில் வருகின்றன, தலா 28,000. சேர்த்தால் 56,000, மார்ஜின் ஐந்து பைசா. மூன்று பைசா வீதம் 1,680 ரூபாயும் வரியில் 810ம் சேர்ந்து 2,490 மிச்சம். முதல் தொகை ஒரு நாள் காத்திருப்பதற்கு வட்டி 587 ரூபாய். ஒரு நாள், இரண்டு நாள் வரை கணக்கு சரியாக வருகிறது. நான்கு நாள் தாண்டினால் வட்டியே மிச்சத்தைத் தின்றுவிடும். இதில் சந்தை அபாயத்தை இன்னும் சேர்க்கவில்லை. காத்திருக்கும் 28,000 டாலரில் விலை பத்துப் பைசா இறங்கினால் 2,800 ரூபாய் போகும், ஏறினால் அதே அளவு வரும். டாலர் ஏறும் என்று நம்பி வைத்திருப்பவர் அதை ஊகமாகச் செய்கிறார் என்று தெரிந்து செய்யட்டும், மார்ஜின் மிச்சம் என்ற பெயரில் செய்ய வேண்டாம்.

மேல் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. பத்து லட்சம் டாலரை எட்டியவருக்கு மார்ஜின் ஏற்கெனவே ஓரிரு பைசாவுக்கு வந்திருக்கும், அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அதைவிடப் பல மடங்கு பெரிய தொகைகள் சந்தை விலையையே நகர்த்தத் தொடங்கும். அந்தச் சிக்கல் மலைத் தொழிற்சாலைகளுக்கு வராது. பவுண்டில் விலை பேசுபவர்களுக்கு ஒன்று மட்டும்: பவுண்டு-ரூபாய் விலை டாலர் வழியாகவே கட்டப்படுகிறது, ஆகவே இரண்டு இடத்தில் மார்ஜின் நுழையலாம். பவுண்டு-டாலர் விலையையும் டாலர்-ரூபாய் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கணக்கு முடிவும் கண்காணிப்பும்

நம் தொழிற்சாலை ஒவ்வொரு கன்டெய்னரிலும் முன்பணத்தை 84.87க்கும், மீதியை 84.91க்கும் மாற்றினால், கார்டு ரேட்டைவிட முன்பணத்தில் 48 பைசாவும் மீதியில் 52 பைசாவும் கூடுதல். முறையே 5,760 ரூபாயும் 14,560 ரூபாயும், சேர்த்து 20,320. ஆறு கன்டெய்னருக்கு 1,21,920 ரூபாய். வங்கிக்கு இன்னமும் வருடத்துக்கு 22,080 ரூபாய் மார்ஜின் போகிறது. அந்த வேலைக்கு அது நியாயமான கூலி என்பதே எங்கள் கருத்து. அதையும் பிடுங்கப் பார்த்தால் பில் பார்க்கும் கிளை ஊழியர்களின் ஒத்துழைப்பு குறையும். ஆவணம் ஒரு நாள் தாமதமானால் ஆகும் வட்டி 587 ரூபாய் என்று மேலே பார்த்தோம். 28,000 டாலரில் ஒரு பைசாவோ 280 ரூபாய்தான்.

ஒப்புக்கொண்ட மார்ஜின் ஓரிரு வருடத்தில் மெல்ல ஏறிவிடும். மேலாளர் மாறுவார், கணினியில் உள்ள பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகும், அடுத்த டீல் இருபது பைசாவில் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டில் ஐந்து பத்தி போதும்: தேதி, டன் சொன்ன நேரம், திரையில் இருந்த ஸ்பாட், கேஷ்-ஸ்பாட், கிடைத்த விலை. ஸ்பாட்டிலிருந்து கேஷ்-ஸ்பாட்டையும் கிடைத்த விலையையும் கழித்தால் வருவது மார்ஜின். எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது, பத்து வருவது திரைக்கும் டீலருக்கும் இடையே உள்ள விநாடி வித்தியாசம். தொடர்ந்து பதினைந்து வந்தால் பதிவு மாறியிருக்கிறது.

வரவுச் சீட்டு வந்ததும் அதில் உள்ள விலை டீல் விலைதானா என்று அன்றே பாருங்கள். டீல் எண்ணைக் கிளை கணினியில் இணைக்காமல் விட்டால் பணம் கார்டு ரேட்டிலேயே மாறியிருக்கும், டீலோ பயன்படுத்தப்படாமல் நிற்கும். அன்று மாலைக்குள் டீல் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பினால் கிளை பதிவைத் திருப்பிச் சரியான விலையில் போட்டுவிடலாம். மறுநாள் ஆகிவிட்டால் பயன்படாத டீல் ரத்துக்குப் போகும், வித்தியாசத்தைத் திரும்பப் பெற வட்டார அலுவலகம் வரை எழுத வேண்டியிருக்கும்.